குளிர்ந்த தண்ணீர் சுடுகிறது என்றால் மீன் பழுதில்லை, நஞ்சு

கேள்வி: போன ஞாயிறு பேலியகொடைச் சந்தையில் ஐந்து கிலோவுக்கு மேல் நிறையுள்ள ஒரு சிவப்பு மீன் வாங்கி, எங்கள் வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் பங்கு போட்டோம். கண் பளிச்சென்று, செவுள் சிவப்பாக, நல்ல புதிய மீன். தலையும் சினையும் ஈரலும் மாமாவுக்கு. நான் இரண்டு துண்டு, மகள் அரைத் துண்டு. இரவு பத்து மணிக்கு மாமாவுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். மறுநாள் உதடும் விரல் நுனிகளும் விறைத்தன. குழாய்த் தண்ணீர் கையில் பட்டால் சுடுகிறது என்கிறார். எனக்கு வாய் ஓரத்தில் கொஞ்சம் ஊசி குத்தியது போல, மகளுக்கு ஒன்றுமில்லை. மீன் பழுதா? மிச்சம் ஃப்ரீசரில் இருக்கிறது, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாமா? இனி எந்த மீனை வாங்குவது?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

ஃப்ரீசரில் இருப்பதைச் சாப்பிட வேண்டாம். பூனைக்கும் போட வேண்டாம். ஒரு துண்டை மட்டும் பொலித்தீன் பையில் கட்டி, வாங்கிய திகதியையும் கடையையும் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் கொடுக்க அது வேண்டும். மிச்சத்தை வேறு ஆளோ விலங்கோ எடுக்காதபடி எறிந்துவிடுங்கள்.

மீன் பழுதாகவில்லை. உங்கள் கடிதத்தில் விடையைச் சொல்வது ஒரே ஒரு வரிதான், குழாய்த் தண்ணீர் சுடுகிறது என்ற மாமாவின் வார்த்தை. பழுதான மீனோ, வயிற்றுக் கிருமியோ அப்படிச் செய்வதில்லை. குளிர்ச்சி தோலில் எரிவாகவோ, மின்சாரம் அடித்தது போலவோ தெரிவது சிகுவாடெரா என்ற நஞ்சேற்றத்தின் அடையாளம். வயிற்றுக் கோளாறு வேறு பல காரணங்களாலும் வரும், உதடு விறைப்பதும் வரும், ஆனால் இரண்டுக்கும் பின்னால் இந்தக் குளிர் எரிவும் வந்து, சாப்பிட்டது பவளப்பாறையில் வாழும் பெரிய மீன் என்றால் மருத்துவர்கள் பெரும்பாலும் வேறு சோதனை இல்லாமலே இதைக் கண்டறிந்துவிடுவார்கள். மனித இரத்தத்தில் இந்த நஞ்சைக் காட்டும் வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் மாமா சொல்லும் விவரம்தான் பரிசோதனை. மருத்துவரிடம் மீனின் வகை, நிறை, எந்தப் பகுதியைச் சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள்.

முதலில் மாமாவைப் பற்றி. வாந்தியும் வயிற்றோட்டமும் பொதுவாக ஓரிரு நாட்களில், அதிகம் போனால் நான்கு நாட்களில் அடங்கும். அதுவரை உப்பு, நீர் குறையாமல் பார்க்க வேண்டும். ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். ஆனால் நாடித்துடிப்பு மெதுவாகப் போனால், எழுந்து நிற்கையில் தலை சுற்றி விழப் பார்த்தால், மூச்சு வாங்கினால், அல்லது அவருக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சிகுவாடெராவில் இறப்பு மிக அரிது. ஆனால் முதல் நாட்களில் இதயத்துடிப்பு குறைந்து இரத்த அழுத்தம் விழுவதுதான் ஆபத்தான பகுதி. அதற்கு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, வீட்டில் இல்லை.

விறைப்பும் அரிப்பும் குளிர் எரிவும் வாரக்கணக்கில் போகும், சிலருக்கு மாதக்கணக்கில். இதற்கு நேரடி மாற்று மருந்து கிடையாது. மானிடோல் என்ற திரவத்தை இரத்த நாளம் வழியாக ஏற்றினால் குணமாகும் என்று 1988இல் மார்ஷல் தீவுகளிலிருந்து நம்பிக்கையான அறிக்கை வந்தது. பிறகு 2002இல் வெளியான கட்டுப்பாட்டுடன் நடத்திய ஒப்பீட்டில் அது சாதாரண உப்புத் திரவத்தைவிட மேலாக எதையும் செய்யவில்லை. சில மருத்துவர்கள் இன்னும் ஆரம்ப நாட்களில் கொடுக்கிறார்கள், ஆனால் உடலில் நீர் குறைந்த ஒருவருக்கு அது நல்லதல்ல. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரை உதவும், அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

குணமான பிறகு மாமா மூன்று முதல் ஆறு மாதம் வரை மதுபானம், கச்சான், கஜு, மீன் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஏன் கச்சானும் மீனும் என்று கேட்பீர்கள். நஞ்சு ஏறிய உடலில் இவை மறுபடியும் அதே அறிகுறிகளைக் கிளப்பிவிடுவது பலருக்கு நடந்திருக்கிறது. புதிய மீனில் நஞ்சே இல்லாவிட்டாலும் அது நடக்கும். வீட்டில் தாய்ப்பால் கொடுப்பவர் அந்த மீனைச் சாப்பிட்டிருந்தால் குழந்தையைக் கவனியுங்கள், நஞ்சு பாலில் போய்ச் சேரும்.

இப்போது, நல்ல புதிய மீனில் இந்த நஞ்சு எப்படி வந்தது?

மீன் இதை உண்டாக்குவதில்லை. கேம்பியர்டிஸ்கஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர் உண்டாக்குகிறது. பசிபிக்கின் கேம்பியர் தீவுகளில் 1970களின் பிற்பகுதியில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். அது தண்ணீரில் மிதக்கும் பாசி அல்ல. பவளப்பாறையில் ஒட்டிய கடற்பாசிகளின் மேல், குறிப்பாக இறந்த பவளத்தின் மேல் படர்ந்து வளரும் மெல்லிய பாசியின் மேல் ஒட்டி வாழும். உயிருள்ள பவளம் பாசிக்கு இடம் விடாது. பவளம் இறந்தால் அந்த வெறும் சுண்ணாம்புப் பரப்பு பாசியின் நிலமாகிவிடும். 1960களில் பிரெஞ்சு பொலினீசியாவின் ஹாவோ பவளத்தீவில் பெரிய கட்டுமானங்களுக்காகப் பவளத்தை உடைத்த பிறகு, அதுவரை தாராளமாகச் சாப்பிட்டு வந்த மீனே மக்களை நோயாளிகளாக்கியது. சூறாவளி, துறைமுகம் தோண்டுதல், வெப்பத்தால் பவளம் வெளுத்து இறத்தல் எல்லாம் இதே வாசலைத் திறக்கின்றன. இலங்கையிலும் 1998இலும் 2016இலும் பவளம் பெருமளவில் வெளுத்தது. அதனால் நம் மீன் எல்லாம் நஞ்சாகிவிட்டது என்று அர்த்தமல்ல. பாசி படர்ந்த எல்லாப் பாறையிலும் இந்த நுண்ணுயிர் நஞ்சு உண்டாக்குவதில்லை. ஆனால் கடலின் எந்தப் பாறைக்கும் நிரந்தர நற்சான்று கொடுக்க முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

பாறையில் அந்தப் பாசியைச் சுரண்டித் தின்பது கிளிமீனும், வாலடியில் கத்திபோல் முள்ளுள்ள சிறு மீன்களும். நுண்ணுயிரும் பாசியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. அவற்றைத் தின்பது கலவாய், செப்பலி, சீலா, பெரிய பாரை, பாறை இடுக்கில் பதுங்கும் மலங்கு. நஞ்சு கொழுப்பில் கரையும் பொருள், சிறுநீரில் எளிதில் வெளியேறாது. ஆகவே ஒரு கலவாய் ஆண்டுக்கணக்கில் நூறு சிறு மீனைத் தின்றால், நூறு மீனின் நஞ்சிலும் ஒரு பகுதி அதன் உடலில் தங்கிச் சேரும். மீனின் கல்லீரலில் அந்த நஞ்சு வேதியியல் மாற்றம் அடைந்து இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறுகிறது, அதற்குத்தான் சிகுவாடொக்சின் என்று பெயர். மீனுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அது நன்றாக நீந்தும், நன்றாகச் சாப்பிடும், சந்தைக்குப் பளிச்சென்ற கண்ணோடு வந்து சேரும்.

நம் உடம்பில் இந்தப் பொருள் நரம்பு இழைகளில் சோடியம் நுழையும் வாசல்களில் ஒட்டி, மூட வேண்டிய வாசலைத் திறந்தபடி வைத்துவிடும். அதனால் தூண்டப்படாமலே நரம்பு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். உதட்டில் ஒன்றும் படாமலே கூச்சமும் விறைப்பும் வருவதும், குளிர்ச்சி எரிவாகத் தெரிவதும் இதனால்தான். கட்டமைப்பில் இது மிக உறுதியான மூலக்கூறு. பொரித்தாலும் அவித்தாலும், எலுமிச்சையில் ஊறவைத்தாலும், உப்பிட்டுக் கருவாடாக்கினாலும், ஐஸில் ஒரு வருடம் வைத்தாலும் அப்படியே இருக்கும். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உங்கள் குழம்பில் குறை ஏதுமில்லை.

ஏன் மாமாவுக்கு மட்டும் இவ்வளவு? இதைக் கணக்காகவே பார்க்கலாம். எண்கள் சிறிது உத்தேசம், ஆனால் அளவின் வரிசை சரியானது. நஞ்சை நானோகிராமில் அளப்பார்கள், ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். ஒருவரை நோயாளியாக்க ஏறத்தாழ ஐம்பது நானோகிராம் போதும் என்பது இதுவரை நடந்த நோய்ச் சம்பவங்களின் மீன் மிச்சத்தை அளந்து எடுத்த மதிப்பு. உங்கள் மீனின் சதையில் கிராமுக்கு 0.2 நானோகிராம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மகளின் அரைத் துண்டு 50 கிராம் என்றால் அவளுக்குள் போனது 10 நானோகிராம், ஒன்றுமில்லை. உங்கள் இரண்டு துண்டு 250 கிராம் என்றால் 50, எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், வாய் ஓரத்தில் ஊசி குத்தியது. மாமா தலைச் சதை 200 கிராம் சாப்பிட்டார் என்றால் 40. அத்தோடு சினையும் ஈரலும் ஐம்பது கிராம். ஈரலில் சதையைவிடப் பல மடங்கு, சில மீன்களில் ஐம்பது மடங்குக்கும் மேல் நஞ்சு இருக்கும். பத்து மடங்கு என்று குறைவாகவே எடுத்தாலும் அந்த ஐம்பது கிராமில் மட்டும் 100 நானோகிராம். மொத்தம் 140. இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத அளவு.

அதாவது மீனின் பாகம்தான் வித்தியாசத்தை உண்டாக்கியது. 2016இல் மங்களூரில் நடந்ததும் இதே. ஏற்றுமதிக்காகச் சதையை எடுத்தபின் மிஞ்சிய சிவப்பு மீன் தலைகளை மலிவாக வாங்கிச் சமைத்த ஏராளமான குடும்பங்கள் நோயுற்றன. அதற்கு முன் 2012இல் இந்தியாவிலிருந்து போன உறைபனி மீனைச் சாப்பிட்ட ஜெர்மானியரும் நோயுற்றார்கள். இரண்டிலும் பேசப்பட்டது ஒரே மீன், செப்பலி வகையைச் சேர்ந்த லுட்ஜானஸ் போஹார். ஐம்பது ஆண்டுக்கும் மேல் வாழக்கூடியது, ஆகவே நஞ்சைச் சேர்த்துக்கொள்ள அதற்கு நேரம் ஏராளம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்து வைக்க வேண்டும், ஏனென்றால் கொழும்பில் மீன் நஞ்சு என்றால் எல்லோரும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். கெலவல்லா, சூரை வகைகளைச் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடித்து அரித்தால் அது ஹிஸ்டமின். பிடித்ததிலிருந்து ஐஸில் ஒழுங்காக வைக்காததால் கிருமிகள் உண்டாக்கியது, மிளகு போல நாக்கில் உறைக்கவும் கூடும். அங்கேதான் "புதிய மீனா" என்ற கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. பேத்தை மீன் வேறு கதை, உதடு விறைத்த பின் கைகால் தளர்ந்து மூச்சு நின்று போகும், நிமிடங்களை வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிகுவாடெராவில் மூச்சுத் தசைகள் தளர்வது அரிது, ஆனால் ஒரு சந்தேகம் இருந்தாலும் ஆஸ்பத்திரிதான் சரியான இடம்.

சரி, இந்தக் கடல்களில் தலைமுறையாக வாழ்பவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்?

பசிபிக்கில் முதல் விதி மீன் பெயரல்ல, இடம். ஒரே தீவில் ஒரு பக்கப் பாறையில் பிடித்த கலவாயை விருந்துக்குச் சமைப்பார்கள், மறுபக்கத்துப் பாறையின் அதே கலவாயைத் தொட மாட்டார்கள். நஞ்சு பாறைக்குப் பாறை மாறும் என்பதை ஆய்வகம் வருமுன்பே அவர்கள் கண்டுவிட்டார்கள். நியூ கலிடோனியாவில் இந்த நோய்க்குப் பிரெஞ்சில் "சொறி" என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கிறது. யாருக்காவது சொறி வந்தால் மீன் எந்தப் பாறையிலிருந்து என்று கேட்பார்கள், அடுத்த நாள் யாரும் அங்கே தூண்டில் போட மாட்டார்கள். இந்த முறையின் பலம் செய்தி சீக்கிரம் பரவுவதுதான். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பிடித்தவரும் தின்றவரும் ஒரே கிராமமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். பேலியகொடையில் மீன் மூன்று கைகள் மாறிவிட்டது. எந்தப் பாறை என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. ஆகவே நகரத்து வீட்டுக்கு இடம் என்ற முதல் விதி போய்விட்டது, இனம், அளவு, பாகம் என்ற மூன்றுதான் மிச்சம்.

இனத்தை மொரீசியஸ் நேரடியாகச் சட்டத்தில் எழுதிவிட்டது. அங்கே விற்கக் கூடாத நச்சு மீன் பட்டியலில் இந்தப் போஹார் இருக்கிறது. அதைக் கிரியோலில் வரா வரா என்பார்கள். மொரீசியஸ் தமிழர் வீடுகளிலும் இந்தப் பெயர் தெரியும். பிறைபோல வால் வளைந்த சிவப்புக் கலவாய் வகை, மலங்கு, சீலா போன்றவையும் பல நாடுகளின் பட்டியல்களில் மாறி மாறி வருகின்றன. சிட்னி மீன் சந்தை போஹாரையும் அதன் உறவான இன்னொரு செப்பலியையும் ஏற்பதேயில்லை, பவளக் கடலிலிருந்து வரும் பெரிய மீனுக்கு நிறை எல்லையும் வைத்திருக்கிறது. உதாரணமாக அறக்குளா வகையில் பத்து கிலோவுக்கு மேல் எடுக்காது. அறக்குளாவா என்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பாறையை ஒட்டி இரை தேடும் பெரிய அறக்குளாக்கள் நஞ்சேறி நோய் தந்திருக்கின்றன, அதனால் அங்கே ஒரு விரிகுடாவில் அதைப் பிடிப்பதே தடை. நம் அறக்குளாவைப் பற்றிப் பயப்பட இது காரணமல்ல. பெரிய வேட்டை மீன் எங்கு இரை தேடியது என்பதே முக்கியம் என்று காட்ட மட்டும் சொன்னேன்.

நிறை விதி மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொதுவாகப் பெரிய மீனில் ஆபத்து அதிகம், ஆனால் சில இடங்களில் இரண்டு கிலோ மீனும் நஞ்சாக இருந்திருக்கிறது, பத்து கிலோ மீன் சுத்தமாக இருந்திருக்கிறது. நிறையைச் சந்தேகத்தின் ஒரு பகுதியாகவே வையுங்கள், தீர்ப்பாக அல்ல.

கிராமத்துச் சோதனைகளைப் பற்றியும் கேள்வி வரும். மீனோடு வெள்ளிக் காசை வேகவைத்தால் காசு கறுக்கும், எறும்பு மொய்க்காது, ஈ உட்காராது, சோறு நிறம் மாறும் என்று பல கடல்களில் பல மாதிரிச் சொல்வார்கள். நஞ்சு வெள்ளியோடு வினை புரிவதில்லை, எறும்பின் விருப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சு பொலினீசியாவில் மீனின் வால் பக்கத்தை வெட்டி இரத்தம் கசியும் விதத்தைப் பார்க்கும் வழக்கத்தை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அது குருட்டு ஊகத்தைவிட மேல், ஆனால் நஞ்சுள்ள மீனையும் சில தடவை விட்டுவிட்டது. பூனைக்கு ஒரு துண்டு போட்டு ஆறு மணி நேரம் காத்திருக்கும் வழக்கமும் உண்டு. பூனை சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டு நலமாகத் திரியும், அப்போது மீன் நல்லது என்று முடிவெடுத்துவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள், சோதனையும் பூனையும் இரண்டும் வீண்.

இனி உங்கள் சந்தைக்குப் போவோம். சிவப்பு மீன் என்று சொல்லி விற்பது பத்துக்கும் மேற்பட்ட இனங்கள், அவற்றில் பல ஆபத்தற்றவை. போஹாரை அடையாளம் காண முகத்தின் முன்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மூக்குத் துளையிலிருந்து கண்ணின் முன்விளிம்பு வரை ஆழமான ஒரு பள்ளம் ஓடும், நகத்தால் தடவினால் உள்ளே இறங்கும். சாதாரணச் சிவப்புச் செப்பலிகளில் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். சிறிய போஹாரில் முதுகில் இரண்டு வெள்ளிப் புள்ளி இருக்கும், அதனால்தான் ஆங்கிலத்தில் இரண்டு புள்ளிச் செப்பலி. ஆனால் வளர வளரப் புள்ளி மங்கிவிடும், பெரிய மீனில் புள்ளியைத் தேடாதீர்கள், பள்ளத்தைத் தேடுங்கள். முழு மீனாக வாங்குவதன் பலனே இதுதான். தலையை வெட்டி, தோலை உரித்து, சுத்தமாக ஃபில்லெட் ஆக்கிய பிறகு கடைக்காரருக்கும் என்ன மீன் என்று தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கடைக்காரரிடம் இந்த மீன் கரைப்படகில் வந்ததா, பலநாள் படகில் வந்ததா என்று கேளுங்கள். பதில் முழு நம்பிக்கைக்குரியதல்ல, ஆனால் பதில் சொல்லத் தயங்குவது பயனுள்ள தகவல். நான்கு கிலோவுக்கு மேல் செப்பலியோ கலவாயோ என்றால், அதுவும் பலநாள் படகு வெளிக்கடல் திட்டுகளிலிருந்து கொண்டு வந்தது என்றால், எடுக்காமல் விடுவதே என் ஆலோசனை. அப்படியும் எடுத்தால் ஈரல், குடல், சினை, மூளை எதுவும் வேண்டாம், தலைக்கறியையும் அந்த ஒரு மீனுக்கு விட்டுவிடுங்கள். ஒரு பெரிய மீனை ஒருவர் ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதையும் தவிர்க்கலாம். உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகாததன் காரணம் அவள் சாப்பிட்ட அந்த அரைத் துண்டுதான். ஈரல் தேங்காய்ப்பாலில் ருசியானதுதான், அதற்கு வேறு மீன் இருக்கிறது.

வேறு மீன் என்றால் இவை: சூடை, நெத்தலி, கும்பளா, கீரி போன்ற சிறு மந்தை மீன்கள். பாறைப் பாசியோடு சம்பந்தமில்லாமல் திறந்த கடலின் மிதவை உயிர்களைத் தின்று வாழ்பவை. சூரையும் கெலவல்லாவும் திறந்த கடல் வேட்டை மீன்கள், அவற்றில் சிகுவாடெரா பற்றிக் கவலை இல்லை, ஹிஸ்டமின் பற்றித்தான் கவலை. ஆகவே அவற்றை வாங்கும்போது ஐஸில் புதைத்து வைத்திருக்கிறார்களா, வெறும் மேசையில் வெயிலில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டுக்கு ஐஸ் பெட்டியிலோ, தூரம் என்றால் ஐஸ் கட்டிகள் போட்ட பையிலோ கொண்டு வாருங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அல்லது உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குத் தெரிவிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள், உணவு நஞ்சேற்றம் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய். உங்கள் மாமா ஒருவர் மட்டுமல்ல, அன்று அந்த ஒரே படகின் மீனை வேறு பத்து வீட்டிலும் வெட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரி மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தோடு அவர் பேசலாம்.

மகளுக்கும் உங்களுக்கும் அடுத்த இரண்டு நாட்களில் குளிர் எரிவு வருகிறதா என்று பாருங்கள். பாதிப்பு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். உங்கள் ஊசி குத்துவது தானாகவே குறையும், ஆனால் அடுத்த மாதம் ஒரு விருந்தில் கஜுவோ மீனோ தொட்டதும் அது திரும்பி வந்தால் பயந்துவிடாதீர்கள், புதிதாக எதுவும் ஆகவில்லை, இதே ஞாயிற்றுக்கிழமை மீன்தான்.